ரேக் படம்: புது நொறுக்குத்தீனி பாக்கெட் கடையில் எப்படித் தெரியும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் முறுக்கு, மிக்ஸர், சிப்ஸ் போடும் சின்னக் கம்பெனிகளுக்கு பாக்கெட் வரைந்து கொடுப்பது என் வேலை. அச்சுக்குப் போவதற்கு முன்னால் சூப்பர்மார்க்கெட் ரேக்கில் மற்ற கம்பெனி பாக்கெட்டுகளுக்கு நடுவே புது பாக்கெட்டை வைத்து ஒரு கற்பனைப் படம் செய்வோம். அதைத்தான் ரேக் படம் என்கிறோம். அதைப் பற்றி என்னிடம் வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலான பதில்களில் பெரம்பூரில் வீட்டை ஒட்டிய கூடத்தில் ராகி ரிப்பன் பக்கோடா செய்யும் ஒரு அக்காவின் பாக்கெட் வரும். நான் செய்த தப்புகளும் கற்றுக்கொண்டதும் அதில்தான் அதிகம்.

பாக்கெட்டை மட்டும் தனியா காட்டற படம் ஏற்கெனவே இருக்கே, அது போதாதா?

போதாது. வெள்ளைப் பின்னணியில் தனியாக நிற்கும் பாக்கெட்டை எந்த வாடிக்கையாளரும் பார்க்கப் போவதில்லை. கடையில் அதற்கு இடமும் வலமும் வேறு பாக்கெட் இருக்கும், மேலே இன்னொரு தட்டின் நிழல் விழும், கீழே விலைப் பட்டை ஓடும். தனியாகப் பார்த்தால் அழகாக இருப்பது கூட்டத்தில் காணாமல் போகலாம். தனியாகப் பார்த்தால் சாதாரணமாக இருப்பது கூட்டத்தில் கண்ணை இழுக்கலாம்.

ரேக் படத்துக்கு இரண்டு உபயோகம். ஒன்று, கிராவூர் அச்சுக்கு உருளை வெட்டுவதற்கு முன்னால் நாமே தெரிந்துகொள்வது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு உருளை. வெட்டிய பிறகு மாற்றினால் அந்தக் காசு போனதுதான். இரண்டாவது, கடையின் பர்ச்சேஸ் மேனேஜரிடம் காட்டுவது. முதல் உபயோகத்துக்கு எடுக்கும் படத்தில் உண்மையாக இருந்தால்தான் இரண்டாவதுக்கு அது தாங்கும்.

எந்த ரேக்கைப் படம் எடுக்கணும்? போனே போதுமா?

போன் போதும். எந்த ரேக் என்பதில்தான் யோசனை வேண்டும்.

சென்னைக் கடைகளில் காரவகை ஒரே இடத்தில் இருப்பதில்லை. உருளைக்கிழங்கு சிப்ஸ் ஒரு ரேக். முறுக்கு, தட்டை, மிக்ஸர் வேறு ரேக்; அங்கே பாதிக்குப் பாதி உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடிக் கவர்தான். சிறுதானியம் என்று சொல்லிவிட்டால் சில கடைகளில் மூன்றாவதாக ஒரு இடத்துக்கு, தேன், நாட்டுச் சர்க்கரைப் பக்கம் போய்விடும். உங்கள் சரக்கு எங்கே வைக்கப்படும் என்று கடைக்காரரிடம் முதலில் கேளுங்கள். அந்த ரேக்கைத்தான் எடுக்க வேண்டும். படம் எடுக்க அனுமதியும் கேளுங்கள். வாடிக்கையாளர் முகம் விழக்கூடாது. காலையில் கடை திறந்த கையோடு ஒரு தடவையும், ஞாயிறு சாயங்காலம் ஒரு தடவையும் எடுங்கள். காலையில் எல்லாம் வரிசையாக நிற்கும். ஞாயிறு சாயங்காலம் பாதி காலியாகி, மிச்சம் சாய்ந்தும் குப்புறவும் கிடக்கும். இரண்டும் தேவை.

ரேக்கிலிருந்து 4 அடி தள்ளி நின்று, கண் உயரத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் போனைப் பிடியுங்கள். 0.5x வேண்டாம். அதில் ஓரத்துப் பாக்கெட்டுகள் இழுத்துவிட்ட மாதிரி அகலமாகிவிடும். 1x போதும், ரேக்கின் முழு அகலமும் விழவில்லை என்றால் ஓரடி பின்னால் போங்கள். பையில் ஒரு இஞ்ச் டேப் இருக்கட்டும். தட்டின் அகலம், இரண்டு தட்டுக்கு நடுவே உள்ள உயரம், பக்கத்துப் பாக்கெட் ஒன்றின் அகல உயரம் இவற்றை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்விக்கு இவைதான் பதில்.

பாக்கெட் அளவை கண்ணளவா வச்சுக்கலாமா?

வேண்டாம். கண்ணளவில் வைத்தால் நம் பாக்கெட் கொஞ்சம் பெரிதாகத்தான் போய் உட்காரும். நம் பொருள் மேல் நமக்கு இருக்கிற ஆசை அப்படி.

கணக்கு சுலபம். அக்காவின் பாக்கெட்டுக்கு எடுத்த ரேக்கின் தட்டு 90 செ.மீ. அகலம். போட்டோவில் அந்த அகலம் 3600 பிக்சல் இருந்தது. அப்படியென்றால் 1 செ.மீ.க்கு 40 பிக்சல். அவருடைய 150 கிராம் பாக்கெட் 16 செ.மீ. அகலம், 23 செ.மீ. உயரம். 640க்கு 920 பிக்சல் என்று வைத்துவிட்டேன். அதுதான் தப்பு.

16 செ.மீ. என்பது சரக்கு போடாத, தட்டையான கவரின் அளவு. உள்ளே பக்கோடாவும் நைட்ரஜனும் நிரப்பி ஒட்டினால் கவர் தலையணை மாதிரி உப்பும். உப்பிய அளவுக்கு அகலம் உள்வாங்கும். நடுவில் 6 செ.மீ. தடிமன் வந்தால் 16 செ.மீ. கவர் சுமார் 14 செ.மீ. ஆகிவிடும். படத்தில் 560 பிக்சல்தான் வர வேண்டும். 2 செ.மீ. பெரிய விஷயமா என்று தோன்றலாம். பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அந்த ஓரத்தில்தான் இருந்தன. உப்பிய பாக்கெட்டில் அவை பக்கவாட்டில் வளைந்து போய்விட்டன, நேராகப் பார்க்கிறவருக்குத் தெரியவில்லை. அதனால் இப்போதெல்லாம் அதே அளவுள்ள வெற்றுக் கவரில் சரக்கை நிரப்பி, ஒட்டி, அதன் மேல் மார்க்கரில் கட்டம் போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறேன். எந்தக் கட்டம் எவ்வளவு வளைகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். டிசைனை அதன் மேல் அந்த வளைவுக்கு ஏற்ப வளைத்தால் ஆயிற்று.

படத்தில சூப்பரா இருந்த பாக்கெட் கடையில காணாமப் போயிடுச்சு. ஏன் இப்படி ஆகுது?

அக்காவுக்கு நான் செய்து கொடுத்த முதல் ரேக் படத்தில் நடந்தது இதுதான். படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். அதை நம்பி, சோதனைக்காக டிஜிட்டல் அச்சில் கொஞ்சம் கவர் போட்டு இரண்டு கடையில் வைத்தோம். நான் போய் நின்று பார்த்தபோது எனக்கே தேடத் தேவைப்பட்டது.

முதல் காரணம், படத்தில் கண் உயரத் தட்டில் ஆறு பாக்கெட்டை வரிசையாக நிறுத்தியிருந்தேன். 90 செ.மீ. தட்டில் 14 செ.மீ. பாக்கெட் ஆறு நிற்கும். முழுத் தட்டையும் கொடுத்துவிட்டேன். புதிதாக வருகிறவருக்குக் கடை அப்படிக் கொடுக்காது. முன்வரிசையில் நேராகத் தெரிகிற ஒவ்வொரு இடத்தையும் ஃபேசிங் என்பார்கள். அக்காவுக்குக் கிடைத்தது இரண்டு ஃபேசிங், அதுவும் கீழிருந்து இரண்டாவது தட்டில்.

அடுத்தது நிறம். ராகி என்றவுடன் நான் பழுப்புக் காகித நிறத்தை எடுத்து, ஓரத்தில் பச்சை இலை போட்டிருந்தேன். 2023ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்ததை ஒட்டி சிறுதானியப் பாக்கெட்டுகள் நிறைய வந்துவிட்டன. அந்த ரேக்கில் எனக்கு முன்னாலேயே அதே யோசனை வந்த பாக்கெட்டுகள் பல நின்றன. எல்லாம் பழுப்பு, எல்லாம் பச்சை. முதல் படத்தில் நான் வைத்திருந்த ரேக் சிப்ஸ் ரேக். சிவப்பு, நீலம், மஞ்சளுக்கு நடுவே பழுப்பு அமைதியாகத் தனித்துத் தெரிந்தது. சரக்கு போய் நின்றது வேறு ரேக்.

மூன்றாவதை நான் கடையில் குனிந்து பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தேன். அந்தத் தட்டின் முன்னால் பாக்கெட் விழாமல் இருக்க ஒரு கம்பித் தடுப்பு இருந்தது. இஞ்ச் டேப்பை வைத்துப் பார்த்தேன், 6 செ.மீ. உயரம். 'பூண்டு', 'மிளகு' என்று ருசியை நான் பாக்கெட்டின் அடியில் ஒரு பட்டையில் எழுதியிருந்தேன். அந்தப் பட்டை முழுவதும் கம்பிக்குப் பின்னால். பூண்டு எது, மிளகு எது என்று தெரியாமல் ஒரு அம்மா இரண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு இரண்டையும் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இந்த மூன்றில் ஒன்றுகூட பாக்கெட்டைத் தனியாகப் பார்த்தால் தெரியாது. சரியாகச் செய்த ரேக் படத்தில் மூன்றும் தெரிந்திருக்கும்.

கீழ்த்தட்டுதான் கிடைக்கும்னு சொல்லிட்டாங்க. படத்தில அதை எப்படிக் காட்டறது?

கீழ்த்தட்டில் இருக்கிற மாதிரியே காட்டுங்கள். நேராக நின்ற பாக்கெட்டை வெட்டி எடுத்துக் கீழே ஒட்டினால் பொய்யாகிவிடும்.

கண் 150 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, பாக்கெட்டின் நடுப்பகுதி தரையிலிருந்து 30 செ.மீ., நீங்கள் 1 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வை சுமார் 50 டிகிரி சரிவாகக் கீழே போகிறது. செங்குத்தாக நிற்கும் 23 செ.மீ. பாக்கெட் அந்தக் கோணத்தில் 15 செ.மீ. உயரம் மாதிரிதான் தெரியும். எழுத்துகள் எல்லாம் நசுங்கிவிடும். அதே பாக்கெட்டை 20 டிகிரி பின்னால் சாய்த்து வைத்தால் 20 செ.மீ. மாதிரி தெரியும். சாய்வான ஒரு அட்டைத் தட்டு கொடுத்தால் கடைப் பையன்கள் அதில் வைத்துவிடுவார்கள். பெரிய செலவில்லை. இதை மேனேஜரிடம் வாயால் விளக்குவதைவிட, சாய்க்காத படத்தையும் சாய்த்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் உடனே புரியும்.

கீழ்த்தட்டுக்கு வரைகிறபோது பெயரை பாக்கெட்டின் மேல் பாதியிலேயே வைத்துவிடுங்கள். ருசியின் பெயரும் மேலேயே வரட்டும்.

எந்தக் கலர் போட்டா தனியாத் தெரியும்?

தனியாக ஒரு கலரைச் சொல்ல முடியாது. பக்கத்தில் என்ன நிற்கிறது என்பதுதான் பதிலை முடிவு செய்கிறது. ஒரே மாதிரியானவற்றின் நடுவே மாறுபட்டு நிற்கும் ஒன்று மனதில் தங்கும் என்று ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1933இல் எழுதினார். ஆனால் ரேக்கில் பத்து பேரும் பளிச்சென்று நின்றால் பதினோராவது பளிச் யாருக்கும் தெரியாது.

நிறத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது வெளுப்பும் கருப்பும். ரேக் போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். போட்டோஷாப்பில் Image > Mode > Grayscale. அப்புறம் Filter > Blur > Gaussian Blur போய் எழுத்து படிக்க முடியாத அளவுக்கு மங்கலாக்குங்கள். நடந்துகொண்டே ஓரக்கண்ணால் பார்க்கும்போது ரேக் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும். இந்தப் படத்திலும் உங்கள் பாக்கெட் எங்கே என்று விரல் வைக்க முடிகிறதா? முடிந்தால் சரி. முடியாவிட்டால் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் உபயோகமில்லை.

இரண்டாவது முறை அக்காவின் பாக்கெட்டை மயில் நீலமாக்கினேன். பழுப்பு, பச்சைக்கு நடுவே நீலம் நிச்சயம் தெரியும் என்று நினைத்தேன். வண்ணப் படத்தில் தெரிந்தது. கறுப்பு வெள்ளையாக்கியதும் நீலமும் பழுப்பும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. அதோடு ராகிப் பக்கோடா கருஞ்சிவப்பு. நீலத்தின் மேல் அது இருட்டில் கிடந்த மாதிரி இருந்தது. இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் பல வருடமாக லேய்ஸின் மேஜிக் மசாலா நீலக் கவரில்தான் வருகிறது. நீலம் என்றால் மசாலா சிப்ஸ் என்று பிள்ளைகளுக்கே மனப்பாடம்.

கடைசியில் எடுத்தது மோர் நிறம். அந்த வரிசையிலேயே அதுதான் வெளுப்பு. அதன் மேல் ஒரே ஒரு ரிப்பன் பக்கோடா, பாக்கெட்டின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை வளைந்து போகிற மாதிரி பெரிதாக. பக்கோடாவின் மேல் பற்களாக இருக்கிற கோடுகள்கூடத் தெரியும் அளவுக்கு நெருங்கி எடுத்த போட்டோ. மோர் நிறத்தின் மேல் கருஞ்சிவப்பு என்பதால் கறுப்பு வெள்ளையிலும் அந்த வளைவு அப்படியே நின்றது. இரண்டு பாக்கெட் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்றின் ரிப்பன் இன்னொன்றில் தொடர்வது போலவும் ஆயிற்று. இரண்டே ஃபேசிங் கிடைக்கிறவருக்கு இது பெரிய உதவி. ஆனால் வளைவை ஓரத்தோடு ஓரமாக இம்மி பிசகாமல் பொருத்த முயலாதீர்கள். ஓரம் உப்பலில் உள்ளே போய்விடும், பையன்களும் நூல் பிடித்து அடுக்க மாட்டார்கள். ஏறக்குறைய பொருந்தினால் கண் தானே சேர்த்துக்கொள்ளும். ஒற்றைப் பாக்கெட் நின்றாலும் நன்றாக இருக்கிறதா என்று ஒரு படம் செய்து பார்த்துவிடுங்கள்.

வித்தியாசம் வேண்டும் என்று சரக்கின் இனத்தையே மறைத்துவிடக் கூடாது. பக்கோடாப் படம் இல்லாத வெள்ளைப் பாக்கெட்டையும் ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். தனியாகத்தான் தெரிந்தது, சத்து மாவு மாதிரி.

தமிழ்ப் பெயர் தூரத்திலிருந்து படிக்க முடியல. இங்கிலீஷ்ல போட்டுடலாமா?

அதற்கு முன்னால் வார்த்தையை மாற்றிப் பாருங்கள். அக்கா முதலில் 'கேழ்வரகு ரிப்பன் பக்கோடா' என்றுதான் கேட்டார். 14 செ.மீ. அகலத்தில் ஓரங்களைக் கழித்தால் 10 செ.மீ.தான் நேராகத் தெரிகிற இடம். 'கேழ்வரகு' அதில் உட்கார வேண்டுமென்றால் எழுத்து சின்னதாகிவிடுகிறது. கொம்பும் ழகரத்தின் சுழியும் 4 அடியில் குழம்பிவிடுகின்றன. 'ராகி' என்றால் இரண்டே எழுத்து. அதே இடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கலாம். சென்னையில் இரண்டு சொல்லும் புழக்கத்தில் இருப்பதால் யாருக்கும் புரியாமல் போகாது. முன்பக்கம் 'ராகி' பெரிதாக, கீழே சின்னதாக 'ரிப்பன் பக்கோடா' என்று போட்டோம்; பின்பக்கத்தில் கேழ்வரகு என்ற சொல் இருக்கிறது.

எழுத்துருவில் கவனிக்க வேண்டியது சுழிகளின் உள்வெளி. தடிமனான தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் கி, ழ, ணை மாதிரி எழுத்துகளின் சுழி அச்சில் அடைத்துக்கொள்ளும். ரேக் படத்தில் மங்கலாக்கிப் பார்க்கும்போது எந்த எழுத்து கறுப்பு உருண்டையாகிறதோ அதுதான் கடையிலும் ஆகும்.

பாக்கெட்டை ஒட்ட வச்ச மாதிரியே தெரியுது. நிஜமா இருக்கிற மாதிரி எப்படிச் செய்யறது?

பக்கத்துப் பாக்கெட்டைப் பார்த்துக் காப்பியடியுங்கள், வெளிச்ச விஷயத்தில் மட்டும். மேல்தட்டின் நிழல் பக்கத்துப் பாக்கெட்டில் எதுவரை இறங்குகிறதோ, உங்கள் பாக்கெட்டிலும் அதுவரை இறங்க வேண்டும். அடியில் தட்டைத் தொடும் இடத்தில் மெல்லிய கரிய கோடு வேண்டும். அது இல்லாவிட்டால் பாக்கெட் மிதக்கும். கம்பித் தடுப்பும் விலைப் பட்டையும் உங்கள் பாக்கெட்டுக்கு முன்னால் வர வேண்டும். அவற்றைத் தனி லேயராக வெட்டி மேலே வையுங்கள்.

நம் கடைகளில் பெரும்பாலும் நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கு. அந்த வெளிச்சத்தில் மோர் நிறம் கொஞ்சம் சுண்ணாம்பு மாதிரியாகும். உங்கள் பாக்கெட்டை மட்டும் வெதுவெதுப்பான நிறத்தில் விட்டால் அது படத்தில் விளக்குப் போட்ட மாதிரி நிற்கும். பார்க்கிறவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் நம்பிக்கை வராது. பளபளப்புக் கவர் என்றால் குழல்விளக்கின் பிரதிபலிப்பு நீளக் கோடாக விழும், மேட் கவர் என்றால் விழாது. பளபளப்புக் கவருக்கு அந்தக் கோட்டைப் போடாமல் விடாதீர்கள். அது பெயரின் மேல் விழுந்து மறைக்கிறதா என்பதே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. கடைசியாக, போட்டோவில் இருக்கும் அதே அளவு மங்கலையும் புள்ளியையும் உங்கள் பாக்கெட்டுக்கும் கொடுங்கள்.

திரையில தெரியற கலர் அப்படியே அச்சில வருமா?

சிலது வராது. பளீர் ஆரஞ்சு, கிளிப்பச்சை, மின்னும் ஊதா எல்லாம் திரைக்குச் சொந்தம். போட்டோஷாப்பில் View > Gamut Warning போட்டால் நான்கு நிற அச்சில் எட்டாத இடங்கள் சாம்பலாகக் காட்டும். ரேக் படத்துக்கு டிசைனை எடுக்கும் முன் View > Proof Colors போட்டு, அச்சில் வரும் நிறத்திலேயே வையுங்கள். வெள்ளிப் படலம் உள்ள கவரில் வெள்ளை மை அடித்தளம் போடாவிட்டால் வெளிர் நிறமெல்லாம் உலோகம் கலந்த மாதிரி மங்கிவிடும். எங்கள் மோர் நிறத்துக்கு அந்த வெள்ளை கட்டாயம் தேவைப்பட்டது. அதற்கும் ஒரு உருளை என்று கணக்கில் சேர்த்தோம்.

பாக்கெட் நிஜமாவே தனியாத் தெரியுதான்னு எப்படி டெஸ்ட் பண்றது?

43 இஞ்ச் டிவி ஒன்று போதும். அதன் திரை சுமார் 95 செ.மீ. அகலம். 90 செ.மீ. தட்டு உள்ள ரேக் படத்தைத் திரை நிறையப் போட்டால் பாக்கெட்டுகள் கிட்டத்தட்ட நிஜ அளவில் வந்துவிடும். உயரத்தில் இரண்டு தட்டுதான் அடங்கும், பரவாயில்லை. 4 அடி தள்ளி நிற்கவைத்துக் காட்டுங்கள். போனில் அனுப்பி 'எப்படி இருக்கு' என்று கேட்டால் 'சூப்பர்' என்றுதான் பதில் வரும்.

படத்தை 5 விநாடி காட்டி அணைத்துவிடுங்கள். 'எது ஞாபகம் இருக்கு?' என்று கேளுங்கள். அப்புறம் மறுபடி காட்டி, 'ராகியில ஏதாவது நொறுக்குத்தீனி வாங்கணும், எதை எடுப்பீங்க?' என்று கேட்டு, விரல் போக எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். உங்கள் பாக்கெட் எது என்று அவருக்குத் தெரியக் கூடாது. பாதிப் பேருக்கு இடது பக்கம், பாதிப் பேருக்கு வலது பக்கம் வைத்த படத்தைக் காட்டுங்கள். இல்லையென்றால் இடத்தால் கிடைத்த பெயரை டிசைன் வாங்கிக்கொள்ளும்.

அக்காவின் தெருவில் பன்னிரண்டு பேரிடம் இப்படிக் கேட்டோம். பழுப்புப் பாக்கெட்டை 5 விநாடியில் ஒருவர்தான் நினைவில் வைத்திருந்தார். மோர் நிறப் பாக்கெட்டை வேறு பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் சொன்னார்கள். இவ்வளவு பெரிய வித்தியாசம் என்றால் நம்பலாம். ஏழுக்கும் எட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு சின்னக் கூட்டத்தில் நம்பாதீர்கள். கண்ணில் படுகிறதா என்பதை மட்டுமே இது சொல்லும். வாங்குவார்களா, மறுபடி வருவார்களா என்பது விலையும் ருசியும்.

மத்த கம்பெனி பாக்கெட் படத்தில வரலாமா?

உங்கள் அறைக்குள், அல்லது மேனேஜரின் மேசையில் காட்டுவதற்கு நிஜ ரேக்கை அப்படியே வைத்துப் பார்ப்பதுதான் வேலைக்கு ஆகும். அதே படத்தை இன்ஸ்டாகிராமிலோ நோட்டீஸிலோ போட்டால் அது விளம்பரம். 1999ஆம் வருட வணிகச் சின்னச் சட்டத்தின் 29(8) பிரிவு, இன்னொருவரின் சின்னத்தை வைத்து நியாயமில்லாத ஆதாயம் தேடும் விளம்பரத்தையும், அதன் பேருக்குக் கெடுதல் செய்யும் விளம்பரத்தையும் மீறலாகச் சொல்கிறது. அடுத்தவர் பாக்கெட்டை மங்கச் செய்து, உங்களுடையதை மட்டும் ஒளிரவிட்ட படம் இதில் எளிதாக மாட்டும். வெளியே போடும் படத்துக்குப் பெயரில்லாத கற்பனைப் பாக்கெட்டுகளை நீங்களே வரைந்து வையுங்கள். ரேக்கில் இருக்கும் நிறங்களின் விகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் 'கற்பனைப் படம்' என்று எழுதிவிடுங்கள், இன்னும் சரக்கு போகாத கடையில் கிடைக்கிறது என்று யாரும் நினைக்காமல் இருக்க.

பச்சைப் புள்ளி, எடை எல்லாம் படத்தில அவசியமா?

அவசியம். பின்னால் சேர்த்தால் டிசைனின் சமநிலை மாறிவிடும். சைவக் குறியீடு பெயருக்குப் பக்கத்தில் வர வேண்டும். அதன் அளவு முன்பக்கத்தின் பரப்பைப் பொறுத்தது. 16க்கு 23 என்றால் 368 சதுர செ.மீ.; 100க்கு மேல் 500 வரை உள்ள பரப்புக்கு பச்சை வட்டம் குறைந்தது 4 மி.மீ. விட்டம், சுற்றியுள்ள சதுரம் அதில் இரண்டு மடங்கு பக்கம்.

பர்ச்சேஸ் மேனேஜர்கிட்ட எந்தப் படத்தைக் காட்டறது?

அவருடைய கடையின் ரேக்கையே காட்டுங்கள். வேறு கடையின் ரேக் என்றால் பார்த்த நொடியில் தெரிந்துவிடும்; ரேக்கின் நிறம், விலைப் பட்டை எல்லாம் அவருக்கு அத்துப்படி.

நான் மூன்று படம் அச்சிட்டுக் கொண்டுபோவேன். இப்போது இருக்கும் ரேக், இரண்டு ஃபேசிங்கில் நம் பாக்கெட் வைத்த ரேக், ஞாயிறு சாயங்காலம் பாதி காலியான ரேக்கில் நம்முடையது ஒன்றே ஒன்று சாய்ந்து நிற்கும் படம். மூன்றாவது படத்தைத்தான் அதிக நேரம் பார்ப்பார்கள். அவர்கள் தினமும் பார்க்கிற காட்சி அதுதான்.

அடுத்து ஒரு கேள்வி நிச்சயம் வரும்: 'உங்களுக்கு இடம் கொடுக்க நான் எதை எடுக்கணும்?' இரண்டாவது படத்திலேயே அதற்குப் பதில் இருக்க வேண்டும். அக்காவோடு போன கடையில், ஒரே கம்பெனியின் ஒரே ருசி ஐந்து ஃபேசிங்கில் நின்றதைக் கவனித்து, அதில் இரண்டை மட்டும் எடுத்துவிட்டுப் படம் செய்திருந்தோம். எந்தப் பொருளும் ரேக்கை விட்டு முழுதாகப் போகவில்லை. மேனேஜர் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ரேக்குக்கு நடந்து போய், அந்த ஐந்தையும் விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, 'திங்கட்கிழமை இரண்டு பெட்டி அனுப்புங்க' என்றார்.